மாசம் ஒன்றரை வட்டின்னு பேசியாச்சு, ஒரு நாளைக்கு எவ்வளவு?

பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் உக்காந்துக்கிட்டு பொள்ளாச்சி, கோயமுத்தூர் கம்பெனிகளுக்கு டிசைன், அக்கவுண்ட்ஸ்னு ஃப்ரீலான்ஸா வேலை செய்யற நம்மாளுங்க நிறைய பேரு இப்ப பில்லுலயே "தாமதமானால் மாதம் 1.5 சதவீத வட்டி"ன்னு ஒரு வரி போட்டுடறாங்க, நல்ல விஷயம்தான். ஆனா காசு சரியா மாசக் கடைசில வர்றதில்ல, மாசத்துக்கு நடுவுல ஏதோ ஒரு நாள்ல வருது. அந்த வரிய நாள் கணக்கா எப்படிப் பிரிக்கறதுன்னு யாரும் எழுதி வைக்கறதில்ல, கிளையன்ட் வாதாட ஆரம்பிக்கற இடம் அதுதான்.

ஒரே பில்ல எடுத்து நாலு விதமா போட்டுப் பாக்கலாம். 60,000 ரூவா பில்லு, கெடு தேதி 2025 ஜனவரி 15, பணம் அக்கவுண்ட்ல ஏறினது மார்ச் 10. கெடு நாள விட்டுட்டு பணம் வந்த நாள சேத்து எண்ணினா 54 நாள். மாச வட்டி 900 ரூவா.

முதல் வழி, நம்ம ஊர்ல எல்லாருக்கும் பழக்கமானது, 900த்த 30ஆல வகுத்துடறது. நாளைக்கு 30 ரூவா, 54 நாளைக்கு 1,620. மனசுலயே போட்டுடலாம், கிளையன்ட்டுக்கும் போன்லயே புரிஞ்சிடும். குறை என்னன்னா வருஷத்துக்கு 365 நாள், அப்ப 30 ரூவா வீதம் 10,950 வருது, பேசினபடி பன்னெண்டு மாசத்துக்கு 10,800தான் வரணும். 18 சதவீதம்னு சொல்லிட்டு 18.25 வாங்கற மாதிரி ஆயிடுது, தொகை சின்னதுதான், ஆனா ஆடிட்டர் இருக்கற கம்பெனின்னா கண்டிப்பா கேப்பாங்க.

ரெண்டாவது, அந்தந்த மாசத்துக்கு எத்தனை நாளோ அதால வகுக்கறது. ஜனவரில 16 நாளைக்கு 464.52, பிப்ரவரி முழுசுக்கும் 900, மார்ச்சுல 10 நாளைக்கு 290.32, மொத்தம் 1,654.84. பேச்சுப்படி பாத்தா இதுதான் ரொம்ப நேர்மையான கணக்கு, ஒரு முழு மாசத்துக்கு எப்பவும் 900தான் வரும். ஆனா பிப்ரவரில ஒரு நாள் வட்டி 32.14, ஜனவரில 29.03, இது ஏன் மாறுதுன்னு ஒவ்வொரு தடவையும் விளக்கிக்கிட்டே இருக்கணும், அதுலயே அலுத்துடும்.

மூணாவது, பன்னெண்டால பெருக்கி 365ஆல வகுக்கறது. 10,800 / 365 = 29.589, 54 நாளைக்கு 1,597.81. நாலுலயும் கம்மி இதுதான், முதல் வழிய விட 22 ரூவா குறையுது, அந்த 22 ரூவாய விட்டுக்குடுத்தாலும் நான் இதத்தான் எடுப்பேன். எந்த மாசமா இருந்தாலும் ஒரே தொகை, வருஷக் கணக்கும் இடிக்காது, ஷீட்ல ஒரே வரில முடிஞ்சிடும்:

```
=ROUND(B2*B3*12/365*(B5-B4),2)
```

B2 பாக்கித் தொகை, B3 மாச வட்டி வீதம், 1.5%னு சதவீதக் குறியோட போடணும், B4 கெடு தேதி, B5 பணம் வந்த தேதி. நாள் வட்டிய முன்னாடியே ரவுண்ட் பண்ணிடாதீங்க, கடைசித் தொகைய மட்டும் பண்ணுங்க.

நாலாவது, "மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகக் கொள்ளப்படும்"னு எழுதறது. நம்ம பில்லுக்கு ரெண்டு மாசம், 1,800. கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா ஒரே ஒரு நாள் தாமதமானாலும் 900 ஆகும், அது வட்டிங்கறத விட அபராதம் மாதிரி ஆயிடும். 1872 ஒப்பந்தச் சட்டத்தோட 74ஆவது பிரிவுப்படி கோர்ட்டு நியாயமான இழப்பீடு மட்டும்தான் குடுக்கும், எழுதின தொகை அதுக்கு உச்ச வரம்பு மட்டும்தான். அதனால இந்த வழி வேண்டாங்க.

நாள் கணக்கோட அருமை பாதிப் பணம் வர்றப்பதான் தெரியும். இதே பில்லுக்கு பிப்ரவரி 14 அன்னிக்கு 20,000 வந்துச்சுன்னு வைங்க, அதுவரைக்கும் 30 நாளு 60,000க்கு 887.67, அப்புறம் 24 நாளு 40,000க்கு 473.42, மொத்தம் 1,361.09. முழு மாசக் கணக்குல இத எப்படிப் பிரிப்பீங்க? வந்த 20,000 அசல்ல கழியுதா, வட்டில கழியுதாங்கறதையும் முன்னாடியே எழுதிடணும், நான் அசல்ல கழிக்கறதுன்னு வெச்சிருக்கேன். வட்டிக்கு வட்டியும் எழுதாம போடக்கூடாது.

உதயம் பதிவு வெச்சிருக்கற குறு, சிறு தொழில்காரரா இருந்தா 2006 எம்எஸ்எம்இ சட்டம் தனி வழி குடுக்குது: எழுத்துல ஒப்பந்தம் இருந்தாக்கூட 45 நாளுக்கு மேல கெடு கிடையாது, அதத் தாண்டினா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. 2025 பிப்ரவரி கடைசில பேங்க் ரேட் 6.5 இருந்தப்ப அது 19.5 சதவீதம், நம்ம 18ஐ விட அதிகம். ஒப்பந்தத்துல வேற என்ன எழுதியிருந்தாலும் அந்தச் சட்டம்தான் நிக்கும்.

பில்லுல நான் போடற வரி இப்படி: "கெடு தேதிக்கு மறுநாள் முதல் பணம் வந்து சேரும் நாள் வரை, பாக்கித் தொகைக்கு மாதம் 1.5 சதவீத தனி வட்டி, 12ஆல் பெருக்கி 365ஆல் வகுத்து நாள் கணக்கில்." அதுக்குக் கீழயே "இந்த பில்லுக்கு நாள் ஒன்றுக்கு சுமார் ரூ.29.59"னு தொகையையும் போட்டுடுவேன், வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இதே வரிய மெயில்ல அனுப்பி ஓகேன்னு பதில் வாங்கி வெச்சுக்குவேன்.