மின்கழிவு முகாமுக்கு எந்த வாசகம்? மூன்றையும் அருகருகே வைத்து ஓர் அலசல்

ஒரு குடியிருப்புப் பகுதியில் ஒரே ஒரு நாள் மின்கழிவு சேகரிப்பு முகாம் நடத்தப் போகிறீர்கள், பேனரிலும் வாட்ஸ்அப்பிலும் போட ஒரு வாசகம் வேண்டும். கூடி உட்கார்ந்து யோசித்தால் பெரும்பாலும் வந்து நிற்பது இந்த மூன்று மாதிரிகள்தான்.

முதலாவது: "மின்கழிவை அகற்றுவோம், மண்வளம் காப்போம்!"

இரண்டாவது: "பழைய போன், லேப்டாப், டிவி இருக்கிறதா? கொண்டு வாருங்கள்!"

மூன்றாவது: "பிளக், வயர், பேட்டரி: ஒன்று இருந்தாலும் போதும், கொண்டு வாங்க!"

என் ஓட்டு மூன்றாவதுக்கு. ஆனால் அதுவும் அப்படியே போதாது, அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் மூன்றையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்த்துவிடலாம், ஏனென்றால் வாசகம் நன்றாக இருக்கிறதா என்பது பேனரில் தெரியாது, வீட்டுக்குள் என்னென்ன பொருள் அசைகிறது என்பதில்தான் தெரியும்.

ஒரு சாதாரண வீட்டின் அலமாரியையும் பரணையும் கிளறினால் கிடைப்பவை இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: திரை உடைந்த போன், வீங்கிய பவர் பேங்க், உரிந்துபோன இரண்டு சார்ஜர் வயர், வேலை செய்யாத ரிமோட், பாட்டுப் பாடும் பொம்மை, டிரிம்மர், சூடாகாத அயர்ன் பாக்ஸ், எரியாத சிஎஃப்எல் பல்பு ஒன்று, டப்பாவில் சேர்ந்துகிடக்கும் பென்சில் செல்கள்.

முதல் வாசகத்தைப் படித்தவர் தலையாட்டுவார். ஆனால் அவர் எழுந்து போய் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஓசை நயம் இருக்கிறது, நல்ல எண்ணம் இருக்கிறது, பொருள் எதுவும் இல்லை, இடமும் இல்லை. "அகற்றுவோம்" என்பது யாரோ எல்லோரும் சேர்ந்து எப்போதோ செய்யப்போகிற காரியம் போலத்தான் காதில் விழுகிறது. இந்த மாதிரி வாசகம் ஏற்கெனவே ஆர்வமாக இருப்பவர்களைத்தான் வரவைக்கும், அவர்கள் எந்தப் பேனரும் இல்லாமலேயே வந்திருப்பார்கள்.

இரண்டாவது இதைவிட எவ்வளவோ மேல். பெயர் சொல்லிக் கேட்கிறது, கேட்டதும் திரை உடைந்த போன் ஞாபகத்துக்கு வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், பட்டியலைப் படிப்பவர்கள் அதை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வதில்லை, எல்லையாக எடுத்துக்கொள்கிறார்கள். போன், லேப்டாப், டிவி என்று எழுதியிருந்தால் பொம்மையை எடுப்பார்களா என்ற சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் கொண்டுவர மாட்டார்கள், அது குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். "முதலியன" என்று கடைசியில் சேர்த்தாலும் அது எதையும் காட்டித் தருவதில்லை. நாம் பார்த்த அந்த வீட்டில் இந்த வாசகத்தைக் கேட்டு வெளியே வருவது போன் ஒன்று மட்டும்தான், பவர் பேங்க் வந்தால் அதிர்ஷ்டம்.

இது சின்ன இழப்பு அல்ல. ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கைப்படி 2022-இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்கழிவு சுமார் 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். அந்த 6.2 கோடியில் போன், கம்ப்யூட்டர் போன்ற சிறிய தகவல் தொடர்புக் கருவிகளின் பங்கு சுமார் 46 லட்சம் டன்தான். பொம்மை, ஷேவர், சின்னச் சின்ன வீட்டுச் சாதனங்கள் எல்லாம் சேர்ந்த "சிறிய சாதனங்கள்" என்ற பிரிவு சுமார் 2 கோடி டன், அதாவது நான்கு மடங்குக்கும் மேல். பட்டியல் வாசகம் எழுத உட்கார்ந்தால் கை தானாக அந்தச் சிறிய பங்கைத்தான் எழுதும், ஏனென்றால் மின்கழிவு என்றதும் மனதில் வரும் படம் போனும் கம்ப்யூட்டரும்தான்.

மூன்றாவது வாசகம் பட்டியல் தருவதில்லை, சோதனை தருகிறது. கையில் எடு, பார், பிளக்கோ வயரோ பேட்டரியோ இருக்கிறதா, இருந்தால் பையில் போடு. ரிமோட் வரும், பொம்மை வரும், டிரிம்மர், அயர்ன் பாக்ஸ், வெறும் வயர், தனிச் செல்கள் எல்லாம் வரும். வேலை செய்கிறதா இல்லையா, விலை உயர்ந்ததா, எந்தக் கம்பெனி என்று எதையும் யோசிக்க வேண்டாம், பத்து வயதுப் பிள்ளைகூட வீட்டைச் சுற்றி வந்து எடுத்துவிடும். பிரிட்டனில் நடக்கும் 'ரீசைக்கிள் யுவர் எலக்ட்ரிக்கல்ஸ்' இயக்கமும் பிளக், பேட்டரி, கேபிள் என்று இதே மூன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிலர், சாதனத்தின் பின்பக்கம் இருக்கும் குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிக் குறியைப் பார்க்கச் சொல்லலாமே என்பார்கள். அது துல்லியமான அடையாளம்தான், ஆனால் எறும்பளவில் அச்சாகியிருக்கும், எல்லாப் பொருளிலும் இருக்காது.

சரி, ஓட்டைகள். முதல் ஓட்டை பல்பு. சிஎஃப்எல்லிலும் ட்யூப்லைட்டிலும் பிளக் இல்லை, வயர் இல்லை, பேட்டரியும் இல்லை, ஆனால் உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, உடைந்தால் ஆவி வெளியே வரும். இந்தச் சோதனையில் அது தேறாமல் போய்விடுகிறது, அதனால் பல்புக்குத் தனியாக ஒரு வரி வேண்டும். இரண்டாவது ஓட்டை எதிர்ப்பக்கம்: வரக்கூடாததையும் இந்த வாசகம் கூப்பிட்டுவிடும். கார் பேட்டரியும் இன்வெர்ட்டர் பேட்டரியும் பேட்டரிதானே என்று தூக்கிக்கொண்டு வருவார்கள், அவை அமிலமும் ஈயமும் உள்ள வேறு வகை, சாய்ந்தால் மற்ற எல்லாவற்றின்மீதும் அமிலம் கொட்டும். ஃப்ரிட்ஜுக்கு பிளக் இருக்கிறது, ஆனால் நாலு பேர் உருட்டிக் கொண்டுவரும்போது குழாய் உடைந்தால் உள்ளிருக்கும் வாயு போய்விடும், அதற்கு வீட்டுக்கே வந்து எடுப்பதுதான் சரி. ஆகவே மூன்றாவது வாசகம் பெரிய எழுத்தில், இந்த விலக்குகள் அடியில் சின்ன எழுத்தில். விலக்குகளையும் வாசகத்துக்குள்ளேயே திணிக்கப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது.

இனி இடம். என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் முகாம்கள் தோற்பது இங்கேதான், என்ன கொண்டுவர வேண்டும் என்பதில் அல்ல. "அருகிலுள்ள சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கவும்" என்று போடுவார்கள். எந்த மையம், எங்கே, எத்தனை மணிக்கு? அதைத் தேடும் வேலையைப் படிப்பவர் தலையில் கட்டியாயிற்று. க்யூஆர் கோடு போடுவதும் கிட்டத்தட்ட அதேதான், பேனரைக் கடந்துபோகிறவர் நின்று, போனை எடுத்து, ஸ்கேன் செய்து, வரைபடம் திறந்து பார்ப்பார் என்று நம்புகிறோம்.

இதற்குப் பழைய ஆய்வு ஒன்று கைகொடுக்கும். ஹோவர்ட் லெவன்தால் என்பவரும் சகாக்களும் 1965-இல் வெளியிட்டது, யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் ஊசி பற்றிச் செய்தது. பயமுறுத்தும் விவரங்களோடு துண்டுப்பிரசுரம் கொடுத்தும், மிதமாகச் சொல்லியும் பார்த்தார்கள், ஊசி போட்டுக்கொண்ட எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு பகுதியினருக்கு மட்டும் மருத்துவ மையத்தைக் குறித்த வரைபடத்தைக் கொடுத்து, உங்கள் வாரத்தில் எந்த நேரம் போக முடியும் என்று பார்க்கச் சொன்னார்கள். அவர்களில் 28 சதவீதம் பேர் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள், மற்றவர்களில் வெறும் 3 சதவீதம். அந்த மையம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் அல்ல அவர்கள். இடத்தையும் நேரத்தையும் தங்கள் நாளோடு பொருத்திப் பார்த்ததுதான் வேலை செய்தது. "மண்வளம் காப்போம்" வகை வாசகத்தை நான் ஒதுக்குவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

எனவே இரண்டாவது வரி இப்படி: "சனிக்கிழமை காலை 9 முதல் 1 வரை, நூலக வாசலில், மேசையில் இருப்பவர் கையில் கொடுங்க." நூலகம் என்பது உதாரணம்தான், எல்லோருக்கும் வழி கேட்காமல் தெரிந்த எந்த இடமானாலும் சரி. "நூலகம் அருகில்" என்று எழுதாதீர்கள், வாசலா, பின்பக்கமா, எதிர்ப்பக்கமா என்று திட்டமாக இருக்கட்டும்.

"பெட்டியில் போடுங்கள்" என்று எழுதலாமா, "கையில் கொடுங்கள்" என்று எழுதலாமா என்பதையும் ஒப்பிட்டே ஆக வேண்டும். பெட்டி வைத்தால் ஆள் வேண்டாம், வாரம் முழுக்க இருக்கும், வசதிதான். ஆனால் நம் வீட்டிலிருந்து வந்த அந்த வீங்கிய பவர் பேங்க் பெட்டியின் அடியில் கிடக்க, மேலே யாரோ அயர்ன் பாக்ஸைப் போட்டால் என்ன ஆகும்? லித்தியம் செல் நசுங்கி உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் சூடேறித் தீப்பிடிக்கும், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து எரியும். குப்பை லாரிகளில் தீ வருவதற்கும் இப்படி நசுங்கும் செல்கள் ஒரு முக்கியக் காரணம். மேசையில் ஆள் இருந்தால் வீங்கியதைப் பார்த்ததுமே தனியாக எடுத்து மணல் போட்ட உலோக வாளியில் வைப்பார், பல்பை வேறு அட்டைப்பெட்டியில் நிறுத்துவார். பழைய போனைத் திறந்த பெட்டியில் போட்டுவிட்டுப் போகவும் பலருக்கு மனசு வராது, உள்ளே படங்களும் கணக்குகளும் இருக்கின்றன. ஒருநாள் முகாமுக்குக் "கையில் கொடுங்க"தான் என்று உறுதியாகச் சொல்வேன். பெட்டிதான் முடியும் என்றால் பேட்டரியை வாசகத்திலிருந்து எடுத்துவிட்டு வெறும் பிளக், வயர் என்று நிறுத்திக்கொள்ளுங்கள், தளர்வான செல்களும் பவர் பேங்கும் பெட்டிக்கு ஆகாது.

எல்லாம் சேர்ந்து பேனர் இப்படி வரும்:

"பிளக், வயர், பேட்டரி: ஒன்று இருந்தாலும் போதும், கொண்டு வாங்க!
சனிக்கிழமை காலை 9 முதல் 1 வரை, நூலக வாசல், மேசையில் இருப்பவர் கையில் கொடுங்க."

அடியில் சின்ன எழுத்தில்: "சிஎஃப்எல், ட்யூப்லைட் உடையாமல் தனியாக. பேட்டரியை நீங்களாகப் பிரிக்க வேண்டாம், தனிச் செல்களின் முனையில் டேப் ஒட்டுங்க. போனில் சிம், மெமரி கார்டை எடுத்து ரீசெட் செய்து கொண்டு வாங்க. கார், இன்வெர்ட்டர் பேட்டரி எடுப்பதில்லை. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு இந்த எண்ணில் கூப்பிடுங்க." டேப் எதற்கு என்று கேட்பார்கள்: 9 வோல்ட் செல்லில் இரண்டு முனையும் ஒரே பக்கம், பையில் ஒரு சாவி குறுக்கே விழுந்தாலே ஷார்ட் ஆகிவிடும்.

முகாம் நாளன்று முதல் ஒரு மணி நேரத்திலேயே வாசகத்தின் குறை தெரிந்துவிடும். மேசைக்கு வருபவர்கள் "இதையும் எடுப்பீங்களா?" என்று எதைக் காட்டிக் கேட்கிறார்களோ அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். பிரிண்டர் கார்ட்ரிட்ஜ், சிடி, மெமரி கார்டு என்று ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த முறை சின்ன எழுத்தில் அதற்கு ஒரு பதில் வேண்டும். வருபவர்கள் பைகளில் போனும் லேப்டாப்பும் மட்டுமே இருந்தால் முதல் வரி போய்ச் சேரவில்லை, வாட்ஸ்அப்பில் யாரோ அதைச் சுருக்கிப் பழையபடி பட்டியலாக்கி அனுப்பியிருக்கவும் வாய்ப்புண்டு. அதைத் தடுக்க, வாசகத்தை எழுத்தாக மட்டும் அனுப்பாமல் படமாகவும் சேர்த்து அனுப்புங்கள்.

இடமும் நேரமும் இவ்வளவு திட்டமாகச் சொல்லும் வாசகத்துக்கு ஒரு பின்விளைவு உண்டு. முகாம் முடிந்த பிறகும் பேனர் தொங்கினால், தேதி போயிற்று என்று கவனிக்காதவர்கள் பையைக் கொண்டுவந்து ஆளில்லாத வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், செல்களும் பல்பும் மழையில் கிடக்கும். அதனால் மேசையை மடிக்கும்போதே பேனரையும் அவிழ்த்துவிடுங்கள், வாட்ஸ்அப்பிலும் "முகாம் முடிந்தது, வாசலில் எதையும் வைக்க வேண்டாம்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.