மணி வாடகை, டீசல் உங்களுடையது: டிராக்டர் பிடிக்கும் முன் இந்தச் சீட்டைப் பாருங்கள்

ஆறு ஏக்கர் செம்மண் மானாவாரி நிலம். ஒன்பது கொத்துக் கலப்பையில் நெடுக்கே ஒரு சால், குறுக்கே ஒரு சால். மணிக்கு 600 ரூபாய் வண்டி வாடகை, டீசல் நிலத்துக்காரர் பொறுப்பு. கூலி குறைவு என்று நினைத்துத்தான் அந்த விவசாயி ஒப்புக்கொண்டார். சாயங்காலம் வந்த கணக்கு இது: 12 மணி நேரம், 7,200 ரூபாய். டீசல் இரண்டு 40 லிட்டர் கேன், லிட்டர் 93 ரூபாய் வீதம் 7,440 ரூபாய். மொத்தம் 14,640. ஏக்கருக்கு 2,440 ரூபாய் ஆகிவிட்டது. ஊர், பேர், வண்டிக்காரர் யார் என்பதெல்லாம் வேண்டாம். பணம் எந்த வழியில் போனது என்று மட்டும் பார்ப்போம், ஏனென்றால் இந்தக் கணக்கில் அப்பட்டமான பொய் என்று சொல்ல ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் கேட்காமல் விட்டதால் போனது.

முதலில் நியாயமான கணக்கு எவ்வளவு? ஒன்பது கொத்துக் கலப்பை ஒரு போக்கில் ஏறத்தாழ ஏழு அடி அகலம் உழும். 45 குதிரைத்திறன் வண்டி மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால், திருப்பங்களையும் சேர்த்து ஏக்கருக்கு ஒரு சாலுக்கு 35 முதல் 40 நிமிடம் பிடிக்கும். 40 என்றே வைத்தால் ஆறு ஏக்கருக்கு நான்கு மணி, இரண்டு சாலுக்கு எட்டு மணி. இந்த வேலைக்கு மணிக்கு நாலரை லிட்டர் வீதம் 36 லிட்டர் டீசல். ஆக 4,800 வாடகையும் 3,348 டீசலும் சேர்த்து 8,148 ரூபாய். மீதி 6,492 ரூபாய் எங்கே போனது என்பதுதான் கேள்வி.

மணிக்கணக்கை எடுத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்கு வயலில் கலப்பை இறங்கியது, மாலை ஐந்தரைக்கு ஏறியது. நடுவில் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து 1 மணி 50 நிமிடம் வண்டி நின்றது. ஓடியது 8 மணி 40 நிமிடம். ஆனால் வண்டியின் மணி மீட்டரில் காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசம் 10.4. ஓட்டுநர் அதை "பத்து மணி நாற்பது நிமிஷம்" என்று படித்து, பதினொன்றாக்கி, வந்து போனதற்கு ஒரு மணி சேர்த்து பன்னிரண்டு என்றார்.

இங்கே மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது. மீட்டரில் கடைசியாக வேறு நிறத்தில் இருக்கும் இலக்கம் நிமிடம் அல்ல, மணியில் பத்தில் ஒரு பங்கு. ஒரு புள்ளிக்கு ஆறு நிமிடம். 10.4 என்றால் பத்து மணி 24 நிமிடம்தான். இது தெரியாத ஓட்டுநரும் உண்டு, தெரிந்தே படிப்பவரும் உண்டு.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. முள் மீட்டரோடு சேர்ந்து வரும் பழைய வகை மணி மீட்டர் கடிகாரம் அல்ல. கேபிள் வழியாக இன்ஜின் சுற்றுகளை எண்ணி, குறிப்பிட்ட வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் சுற்று வந்ததும் ஒரு மணி என்று காட்டும். அந்த வேகம் மாடலுக்கு மாடல் மாறும். நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று அமைந்த மீட்டர் இருக்கும் வண்டியை 1,800 சுற்றில் ஓட்டினால், கடிகாரத்தில் 60 நிமிடம் போகும்போது மீட்டர் 72 நிமிடம் காட்டும். இந்த வயலில் நடந்ததும் அதுதான். 8 மணி 40 நிமிடத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் சரியாக 10.4. மீட்டரை யாரும் திருகவில்லை. மீட்டர் கணக்கா, கடிகாரக் கணக்கா என்று காலையில் பேசாததுதான் கோளாறு. டிஜிட்டல் மீட்டர் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் நேரம் நேரமாகவே ஓடும். ஆனால் அதிலும் இன்ஜினை அணைக்காமல் டீ குடித்தால் வாடகை ஏறிக்கொண்டேதான் இருக்கும், கூடவே சும்மா நிற்கும் இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் உங்கள் டீசலைக் குடிக்கும்.

மூன்றாவது, போக்குவரத்து நேரம். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு வண்டி வர கால் மணி போதும். அதற்கு வாடகை கேட்பது தவறில்லை, முன்பே சொல்லியிருந்தால்.

கூட்டிப் பாருங்கள். பன்னிரண்டுக்கும் எட்டு மணி 40 நிமிடத்துக்கும் இடையே 3 மணி 20 நிமிடம், அதாவது 2,000 ரூபாய்.

டீசலில் போனது இதைவிடப் பெரிய தொகை. வண்டி வரும்போது டேங்க் கிட்டத்தட்ட காலி. "டேங்க் வத்துனா ஏர் பிடிச்சிரும், மொத்தமா ஊத்திடுங்க" என்றார் ஓட்டுநர். ஏர் பிடிக்கும் என்பது உண்மை. டீசல் முழுக்கத் தீர்ந்தால் குழாயில் காற்று புகுந்து, ஃபில்டரில் ஏர் எடுத்த பிறகுதான் வண்டி மறுபடி கிளம்பும். ஆனால் அதற்காக முழு டேங்க் வேண்டியதில்லை, அடியில் கொஞ்சம் நின்றாலே போதும். அந்தப் பயத்தைக் காட்டித்தான் 40 லிட்டர் உள்ளே போகிறது. மதியம் இன்னொரு 40. இந்த வேலையில் அந்த வண்டி, கொஞ்சம் கூடுதலாகவே வைத்தாலும், மணிக்கு ஐந்து லிட்டர் வீதம் 43 லிட்டர் குடித்திருக்கும். மீதி 37 லிட்டர் டேங்கிலேயே ஊர் போய்ச் சேர்ந்தது. 3,441 ரூபாய். பொய் என்று சொன்ன இடம் இதுதான். "எல்லாம் தீந்துபோச்சு" என்று அவர் சொன்னபோது யாரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

80 லிட்டர் தீர்ந்திருக்க முடியுமா? 45 குதிரைத்திறன் இன்ஜின் முழு வலுவில் முக்கி இழுத்தால்தான் மணிக்கு 9 லிட்டர் பக்கம் போகும். எட்டு மணி 40 நிமிடமும் அப்படியே ஓடியிருந்தால்தான் 78 வரும். கலப்பை உழவில், ஒவ்வொரு திருப்பத்திலும் கலப்பையைத் தூக்கி இறக்கும் வேலையில், அது நடக்காது. ரோட்டாவேட்டர் என்றால் கணக்கு வேறு. அதற்கு மணிக்கு ஆறு, ஏழு லிட்டர் இயல்பு, ஏக்கருக்கும் ஒரு மணி ஆகும். கலப்பைக் கணக்கை வைத்துக்கொண்டு ரோட்டாவேட்டர்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

டீசலை அளக்க நம்பகமான வழி ஒன்றுதான். வண்டி அவருடைய டீசலில் கழுத்து வரை நிரம்பி வர வேண்டும். உழவு முடிந்ததும் சமதளத்தில் நிறுத்தி, உங்கள் கேனிலிருந்து மறுபடி கழுத்து வரை ஊற்ற வேண்டும். ஊற்றிய அளவுதான் தீர்ந்த அளவு. நுரை அடங்கும் வரை கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். நிரப்பி வர அவர் ஒப்பவில்லை என்றால், சுத்தமான காய்ந்த குச்சி ஒன்றை டேங்கின் அடி வரை நேராக விட்டு, நனைந்த இடத்தில் அடையாளம் வெட்டுங்கள். முடிந்ததும் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து வண்டியை நிறுத்தி, அதே அடையாளத்துக்கு மட்டம் வர வேண்டும். கூடுதலாக இருந்தால் கேனில் இறக்கிக்கொள்ள வேண்டும். குச்சியில் இத்தனை அங்குலம் குறைந்தது, ஆகவே இத்தனை லிட்டர் என்று கணக்குப் போடாதீர்கள். டேங்க் மேலிருந்து கீழ் வரை ஒரே அகலம் இருக்காது. ஒரே தடவை 40 ஊற்றாமல் பத்துப் பத்தாக ஊற்றுங்கள். கேனில் எழுதியிருக்கும் அளவையும் நம்ப வேண்டாம். சந்தேகம் வந்தால் பங்கில் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கும், அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

மீதி 1,051 ரூபாய் சின்னத் தொகை: 40 நிமிட வாடகை, ஏழு லிட்டர் டீசல். இது வயலிலேயே கரைந்தது. மணி வாடகையும் உங்கள் டீசலும் சேரும்போது, மெதுவாகப் போனால் வண்டிக்காரருக்கு நட்டமே கிடையாது. நேரமும் உங்களுடையது, எண்ணெயும் உங்களுடையது. ஏக்கர் கணக்கில் பேசினால் இதற்கு நேர்மாறாக அவசர அவசரமாகக் கலப்பையைத் தூக்கிப் பிடித்து மேலாகக் கீறிவிட்டுப் போவார்கள். அதனால் மணி வாடகையே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், ஆழமாக உழ வேண்டிய நிலத்துக்கு அதுதான் நல்லது. ஆனால் வேகத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும். வரப்பில் நூறடி அளந்து இரண்டு கல் வையுங்கள். கலப்பை இறங்கிய நிலையில் 22 நொடியில் கடந்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். 37 நொடி ஆனால் மூன்றுதான். இன்ஜின் சத்தம் ஏறியிருக்க வண்டி மட்டும் ஊர்ந்தால், தாழ்ந்த கியரில் ஆக்சிலேட்டரைக் கூட்டி ஓட்டுகிறார் என்று அர்த்தம். பழைய மீட்டரும் வேகமாக ஓடும், டீசலும் வீணாகும். ஒரு கியர் ஏற்றி, ஆக்சிலேட்டரைக் குறைக்கச் சொல்லுங்கள். டயர் சறுக்கியோ கரும்புகை கக்கியோ திணறினால் அவர் சொல்வதுதான் சரி, மண் கடினம், பழைய கியரே இருக்கட்டும்.

கொழுவையும் இறங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். முனை மழுங்கியிருந்தால் மண்ணில் இறங்காமல் மேலே வழுக்கும், மூன்றாவது சால் கேட்கும். அந்தச் சாலுக்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். இருமுனைக் கொழு என்றால் போல்ட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டாலே கூர்முனை கிடைக்கும்.

நேரம் கூடுவதற்கு எல்லாம் ஓட்டுநர் காரணமில்லை. 150 அடி நீள வயலில் ஒரு போக்கு 33 நொடி, திருப்பம் 15 நொடி. 500 அடி வயலில் அதே திருப்பம் 110 நொடிக்கு ஒருமுறைதான் வரும். துண்டு துண்டாக வரப்பு போட்ட ஆறு ஏக்கருக்கு எட்டு மணி போதாது. அங்கே பத்து மணி கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும்.

வேளாண் பொறியியல் துறையின் டிராக்டர்களும் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன, உழவன் செயலியில் இ-வாடகை வழியாகப் பதியலாம். பருவம் தொடங்கும் முன்பே பதிந்து வையுங்கள். தனியார் வண்டிதான் என்றால், அது வயலில் இறங்கும் முன் ஒரு தாளில் இதை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், அல்லது எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" வாங்குங்கள்:

மணிக்கு 600 ரூபாய், கடிகார நேரம். கலப்பை இறங்கியதிலிருந்து ஏறும் வரை, நிறுத்திய நேரம் கழித்து. நிறுத்தும்போது இன்ஜின் அணைக்க வேண்டும். வந்து போக அரை மணி மட்டும். டேங்க் நிரம்பி வரும், நிரப்பி அனுப்பப்படும். 15 நிமிடத்துக்கு மேல் பழுது என்றால் அந்த நேரமும், அதற்கு ஆகும் டீசலும் வண்டிக்காரர் கணக்கு.