கோத்தகிரியிலிருந்து கனடாவுக்கு ஒரு டீ பார்சல்: கேப்ஷனில் என்ன எழுதினோம்

ஊருக்குப் போய்விட்டு டொராண்டோ திரும்பி ஒரு மாதம் ஆகிறது. கோத்தகிரியில் இருந்தது பதினெட்டு நாள். வங்கி, ஆதார், அம்மாவின் கண் பரிசோதனை என்று வழக்கமான அலைச்சல்கள் இருந்தன, அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எழுத நினைப்பது ஒரே ஒரு வேலையைப் பற்றி. எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி இன்ஸ்டாகிராமில் டீத்தூளும் வீட்டில் செய்த சாக்லெட்டும் விற்கிறாள். வெளிநாட்டுக்கும் அனுப்பலாம் என்று முடிவு செய்து, "அக்கா, நீங்கதானே அங்க வாங்குறவங்க, என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள். அதற்கு நான் சரியான ஆள்தான், ஏனென்றால் போன வருடம் வேறொரு பக்கத்தில் வாங்கி நன்றாக அடிபட்டிருந்தேன்.

அந்தப் பக்கத்தின் கேப்ஷனில் இருந்தது ஒரே வரி: "உலகம் முழுவதும் 7 நாளில் டெலிவரி, கூடுதல் கட்டணம் இல்லை." நான் கேட்டது நான்கு கால் கிலோ டீ, ஒரு பெட்டி சாக்லெட், இரண்டு சின்ன பாட்டில் நீலகிரித் தைலம். நவம்பர் 3 அன்று பணம் கட்டினேன். பார்சல் தபாலில் ஏறியதே 11ஆம் தேதி. நடுவில் மழைக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து இரண்டு நாள் வண்டி இறங்கவில்லை. சென்னையில் வெளிநாட்டுத் தபால் பிரிவுக்கு 14ஆம் தேதி போய், அங்கே சுங்கம் பார்த்து 19ஆம் தேதி விமானம் ஏறியது. கனடா சுங்கத்துக்கு 24ஆம் தேதி வந்து 28 வரை அங்கேயே இருந்தது. என் கைக்கு வந்தது டிசம்பர் 2. ஆக மொத்தம் இருபத்தொன்பது நாள், அதில் விமானமும் வண்டியும் ஓடிய நேரம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் ஏதோ ஒரு மேசையில் காத்திருந்ததுதான்.

பார்சலைப் பிரித்தால் தைலம் இல்லை. பெட்டியை ஏற்கெனவே யாரோ திறந்து மறுபடி டேப் ஒட்டியிருந்தார்கள். விற்றவரிடம் கேட்டதற்கு "தபால்ல எடுத்துட்டாங்க போல" என்றார். அவர் சொன்னது நடந்திருக்கக்கூடியதுதான், ஆனால் தவறு அவருடையது. தைலம் 50 டிகிரி சுற்றிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவி விடும். விமானச் சரக்கு விதிப்படி 60 டிகிரிக்குள் அப்படி ஆவி விடுகிற திரவம் எரியும் பொருள், சாதாரணத் தபாலில் விமானத்தில் போகாது. எக்ஸ்ரேயில் பாட்டில் தெரிந்தால் எடுத்து வைத்துவிடுவார்கள், சில சமயம் பார்சல் முழுவதும் திரும்பி வரும். அந்த ஆள் படிவத்தில் தைலத்தை எழுதவே இல்லை, அதனால் புகார் கொடுக்கவும் வழி இல்லாமல் போயிற்று. நம் ஊர்க்காரர்கள் வெளிநாட்டிலிருந்து முதலில் கேட்பதே தைலம்தான் என்பதால், இதைக் கேப்ஷனில் எழுதாமல் விட்டால் தினமும் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தங்கச்சியிடம் சொன்னேன்.

இன்னொரு அடி சுங்கம். பார்சலோடு கனடா சுங்கத்தின் இ14 என்ற ரசீது ஒட்டியிருந்தது, பணம் கட்டினால்தான் கையில் கொடுப்பார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் பலர் இதைப் புரிந்துகொள்ளாமலே "வரி இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். இந்தியாவிலிருந்து தபாலில் வரும் பொருளின் மொத்த மதிப்பு 20 கனடிய டாலரைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பொருளைப் பார்த்து வரி போடுவார்கள். டீத்தூள் அடிப்படை உணவுப் பொருள் கணக்கில் வருகிறது, அதற்கு விற்பனை வரி கிடையாது. சாக்லெட் அந்தக் கணக்கில் வராது, ஒண்டாரியோவில் 13 சதவீதம் உண்டு. என் பார்சலில் டீ 40 டாலர், சாக்லெட் 12 டாலர். வரி வந்தது சாக்லெட்டுக்கு மட்டும்தான். விற்பனை வரி ஒன்றரை டாலர் போல, சுங்கத் தீர்வை சேர்த்தாலும் மூன்று டாலரைத் தாண்டவில்லை. ஆனால் வரி என்று ஒரு காசு விழுந்தாலும் கனடா தபால் துறை தன் கையாளும் கட்டணமாக 9.95 டாலர் சேர்த்துக்கொள்ளும். அந்தக் கட்டணம்தான் வலித்தது. 12 டாலர் சாக்லெட்டுக்காக நான் மேற்கொண்டு கட்டியதும் ஏறக்குறைய 12 டாலர். டீ மட்டும் வாங்கியிருந்தால் ஒன்றும் கட்டியிருக்க மாட்டேன்.

சில பார்சல்கள் வரி போடாமலேயே வந்துவிடும், அது உண்மை, எல்லாவற்றையும் அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. அதை நம்பி விற்பவர் வாக்குக் கொடுக்கக் கூடாது. தங்கச்சி கேட்டாள்: "கிஃப்ட்னு எழுதிட்டா வராதாமே அக்கா?" அறுபது டாலர் வரை அன்பளிப்புக்கு வரி இல்லை என்ற விதி இருக்கிறது, ஆனால் அது சொந்தக்காரர், நண்பர் அனுப்புகிற நிஜமான அன்பளிப்புக்கு. கடையிலிருந்து காசு வாங்கிக்கொண்டு அனுப்பும் பொருளை அப்படி எழுதினால் பொய். மதிப்பைக் குறைத்து எழுதினாலும் ஆபத்துதான்: பார்சல் தொலைந்தால் எழுதிய தொகைக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது. "நீ எழுதாதேம்மா, வாங்குறவங்க கேட்டாலும் முடியாதுன்னு சொல்லிடு" என்றேன். சரி என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் இருவருமாக ஊர்த் தபால் நிலையத்துக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். நான்கு கால் கிலோ பாக்கெட், அதாவது சரியாக ஒரு கிலோ டீ. கவுன்டரில் தராசில் வைத்தால் 1 கிலோ 180 கிராம் காட்டியது. அலுமினிய உறையும் அட்டைப் பெட்டியும் சேர்ந்த எடை அது. வெளிநாட்டு ஸ்பீட் போஸ்ட் 250 கிராம் படியாக ஏறும், அதனால் 1250 கிராமுக்கான பணம். இது தெரியாமல் அவள் ஒரு கிலோ கணக்கில் தபால் கட்டணம் போட்டு விலைப் பட்டியல் தயாரித்து வைத்திருந்தாள், ஒவ்வொரு பார்சலிலும் ஒரு படி கைநஷ்டம் ஆகியிருக்கும். கவுன்டரில் இருந்தவர் பொறுமையான மனிதர். உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொதுவாக "உணவுப் பொருள்" என்று எழுதாமல் "கருப்புத் தேயிலை, 4 பாக்கெட், ஒவ்வொன்றும் 250 கிராம்" என்று எழுதச் சொன்னார். அப்படி எழுதினால் அந்தப் பக்கம் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை குறையும் என்றார். பின்கோடு போலவே கனடாவின் அஞ்சல் குறியீடும் பெறுபவரின் அலைபேசி எண்ணும் கட்டாயம் என்றும் சொன்னார். ரசீதில் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN என்று முடியும் எண் இருக்கும், அதே எண்ணைக் கனடா தபால் தளத்திலும் போட்டுப் பார்க்கலாம்.

பணம் கட்டும் விஷயம்தான் அவளுக்குச் சிக்கலாக இருந்தது. அவளிடம் இருந்தது ஜிபே எண் மட்டும். கனடாவில் இருந்து, இந்திய வங்கிக் கணக்கு இல்லாத ஒருவர் அதற்கு ஜிபேயில் நேரடியாகப் பணம் அனுப்ப வழி இல்லை. என்னைப் போல வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்ஆர்ஓ அல்லது என்ஆர்இ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு 2023 முதல் சில நாடுகளின் அலைபேசி எண்ணோடு யுபிஐ திறந்திருக்கிறது. கனடா, பிரிட்டன், சிங்கப்பூர், அமீரகம் அதில் உண்டு, ஆனால் நம் வங்கி அந்த வசதியைத் தந்திருக்க வேண்டும், என்னுடைய ஒரு வங்கி தரவில்லை, இன்னொன்று தந்தது. கணக்கே இல்லாதவர்களுக்கு பேபால் அல்லது வெளிநாட்டு அட்டை எடுக்கும் பணம் செலுத்தும் லிங்க். பேபால் இந்தியாவுக்குள் பணம் வாங்கிக் கொடுப்பதை 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டது, ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு இன்னும் வேலை செய்கிறது. அவர்கள் கழிக்கும் கட்டணமும் நாணய மாற்று வித்தியாசமும் போகத்தான் கையில் வரும் என்பதால் டாலர் விலையைக் கொஞ்சம் பார்த்து வைக்கச் சொன்னேன். ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் எடுக்க வேண்டும், இணையத்தில் 500 ரூபாய், பான் கார்டோடு வங்கிக் கணக்கு விவரமும் முகவரிச் சான்றும் வேண்டும். அதை அன்று மாலையே அவள் அண்ணன் விண்ணப்பித்துவிட்டான்.

பிறகுதான் எழுத உட்கார்ந்தோம். இன்ஸ்டாகிராமில் கேப்ஷன் 2200 எழுத்துவரை போகும், ஆனால் விரித்துப் பார்க்காதவர் கண்ணில் படுவது முதல் ஒன்றிரண்டு வரிதான். அதனால் எத்தனை நாள் ஆகும் என்பதையும் சுங்க வரியையும் மேலே கொண்டுவந்தோம், டீயின் மணம், மலை, பனி எல்லாம் கீழே போயிற்று. அவளுக்கு அது வருத்தம்தான். கடைசியில் வந்தது இது:

"கனடாவுக்கு 3 முதல் 4 வாரம் ஆகும். உங்கள் நாட்டுச் சுங்க வரியும் தபால் கையாளும் கட்டணமும் வந்தால் நீங்கள் கட்ட வேண்டும், எங்கள் விலையில் அது இல்லை. பணம் வந்தபின் வாரத்தில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் மட்டும் தபாலில் போடுவோம், போட்ட அன்றே எண் அனுப்புவோம். அக்டோபர், நவம்பர் மழையில் ரோடு அடைத்தால் ஒரு வாரம் கூடலாம். டீ மட்டும் வாங்கினால் கனடாவில் விற்பனை வரி இல்லை, சாக்லெட் சேர்த்தால் உண்டு. நீலகிரித் தைலம் விமானத்தில் போகாது, கேட்காதீர்கள். உள்ளே இருப்பதை உண்மை விலையோடுதான் எழுதுவோம், அன்பளிப்பு என்று எழுத மாட்டோம். வரி கட்டாமல் பார்சல் திரும்பி வந்தால் பொருளின் விலையைத் தருவோம், தபால் செலவைத் தர முடியாது. பேபால், வெளிநாட்டு அட்டை, என்ஆர்ஐ யுபிஐ மூன்றும் வாங்குகிறோம். பணம் கட்டும் முன் உங்கள் முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் எழுதி அனுப்புங்கள், மொத்தத் தொகையைத் தபாலோடு சேர்த்துச் சொல்கிறோம்."

தபால் செலவைத் திருப்பித் தர முடியாது என்ற வரியைப் போட அவள் தயங்கினாள், கஸ்டமர் கோபித்துக்கொள்வார்கள் என்று. கனடாவில் பார்சலைத் தபால் நிலையத்தில் 15 நாள் வைத்திருப்பார்கள், யாரும் எடுக்காவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பும். அப்படி ஒரு பெட்டி திரும்பினாலே அவளுடைய ஒரு வார லாபம் போய்விடும். அதை எண்ணிக் காட்டியபின் வரியைப் போட்டாள்.

அன்று தபால் நிலையத்தில் நாங்கள் அனுப்பிய பெட்டி என் ஸ்கார்பரோ முகவரிக்குத்தான். டீ மட்டும், தைலமும் சாக்லெட்டும் இல்லை. நான் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது போட்டது. நான் இங்கே வந்தபின்னும் தளத்தில் சென்னை என்றே காட்டிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டாவது நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் வாசலில் பெட்டி, டேப் ஒட்டியது ஒட்டியபடி, இ14 ரசீது எதுவும் இல்லை. போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன், கோத்தகிரியில் அப்போது விடியற்காலை, உடனே "எத்தனை நாள் அக்கா?" என்று பதில் வந்தது. இருபத்திரண்டு என்றேன். 3 முதல் 4 வாரம் என்று எழுதியதை மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்தோம்.