அச்சுறுத்தல், அழியும் ஆபத்து, அழிந்தது: செய்தியில் எது எது?

அச்சுறுத்தலுக்கு உள்ளானவை, அழியும் ஆபத்தில் உள்ளவை இரண்டும் அடுத்தடுத்த படிகள் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்.னின் சிவப்புப் பட்டியலில் முதலாவது ஒரு பெரிய கூடை. எளிதில் பாதிக்கப்படக்கூடியவை, அழியும் ஆபத்தில் உள்ளவை, மிகக் கடுமையான ஆபத்தில் உள்ளவை என மூன்று பிரிவுகளும் அதற்குள்தான் வரும். ஆகவே தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டுக்கு இரண்டு பெயரும் பொருந்தும். அது நடுப் பிரிவில் இருக்கிறது.

பிரிப்பது எப்படி? ஒரு வழி, எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பது. பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்தில் பாதி குறைந்திருந்தால் பொதுவாக அழியும் ஆபத்துப் பிரிவு. 30 சதவீதம் என்றால் எளிதில் பாதிக்கப்படக்கூடிய பிரிவு. அதனால் எண்ணிக்கையில் ஏராளமாகத் தெரியும் விலங்கும் பட்டியலில் ஏறலாம்.

சரி, அழிந்தது? கடைசி உயிரும் இறந்துவிட்டது என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கக் கூடாது. அது வாழ்ந்த இடங்களில், தகுந்த பருவங்களில் தேடியும் கிடைத்திருக்கக் கூடாது. சும்மா கண்ணில் படவில்லை என்பது போதாது.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது சிவிங்கிப்புலி. 1952இல் இந்தியாவில் அழிந்ததாக அறிவித்தார்கள். ஆனால் ஆப்பிரிக்காவில் அது வாழ்கிறது. உலகப் பட்டியலில் எளிதில் பாதிக்கப்படக்கூடிய இனம்தான். அதனால்தான் 2022இல் நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகளைக் குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவர முடிந்தது. உலகிலிருந்தே அழிந்துபோன மொரீஷியஸின் டோடோ பறவையை அப்படி எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. ‘அழிந்தது’ என்று செய்தியில் பார்த்தால், உலகம் முழுவதுமா, ஒரு நாட்டிலா என்று அடுத்த வரியில் தேடுங்கள்.