மூன்று ஆண்டுகள் பணப்பாய்வுச் சுட்டெண்ணைப் பயன்படுத்திய பின்னர்

கிளிநொச்சியில் வேலை முடிந்து வீடு திரும்பியதும், கொழும்புப் பங்குச் சந்தையில் நான் கவனிக்கும் சில பங்குகளின் அன்றைய விலைகளை எக்செல் தாளில் பதிந்து, ஒரு பங்கில் வாங்கும் அழுத்தமா விற்கும் அழுத்தமா மேலோங்குகிறது என்று காட்டும், MFI எனப்படும் பணப்பாய்வுச் சுட்டெண்ணை நானே கணித்து வருகிறேன். செயலியே அதை வரைந்து காட்டும். ஆனாலும் கையால் கணித்திராவிட்டால் அதன் குறைபாடு எனக்குப் புலப்பட்டிருக்காது.

நாளின் உச்ச விலை, தாழ்ந்த விலை, இறுதி விலை மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வருவது மாதிரி விலை. அதைக் கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் அன்றைய பணப்பாய்வு கிடைக்கும். மாதிரி விலை முந்தைய நாளைவிட உயர்ந்திருந்தால் அத்தொகை நேர்ப்பக்கத்திலும், தாழ்ந்திருந்தால் எதிர்ப்பக்கத்திலும் சேரும். மாறாதிருந்தால் கணக்கில் வராது. வழக்கமாக 14 நாட்களின் தொகைகளைக் கூட்டுவார்கள்:

```
MFI = 100 * P / (P + N)
```

இதில் P நேர்த்தொகை, N எதிர்த்தொகை. நூல்களில் விகிதம் கண்டு 100இலிருந்து கழிக்கும் வடிவம் இருக்கும். விடை ஒன்றுதான், ஆனால் எதிர்த்தொகை பூச்சியமானால் அந்த வடிவம் எக்செலில் பிழை காட்டும்.

80க்கு மேல் அதிக வாங்கல், 20க்குக் கீழ் அதிக விற்பனை என்று வாசிப்பது வழக்கம். 1978இல் வைல்டர் வெளியிட்ட ஒப்பீட்டு வலிமைச் சுட்டெண்ணான ஆர்.எஸ்.ஐ-யின் உறவுக்காரன் என்று இதைச் சொல்வது சரிதான், ஆயினும் ஒரு வேறுபாட்டை நான் நெடுநாள் கவனிக்கவில்லை. ஆர்.எஸ்.ஐ இறுதி விலை எவ்வளவு மாறியது என்று பார்க்கிறது. பணப்பாய்வுச் சுட்டெண்ணோ மாற்றத்தின் திசையை மட்டும் எடுத்துக்கொண்டு, முழு எடையையும் கைமாறிய பணத்துக்குக் கொடுக்கிறது.

வியாபாரம் மெலிந்த பங்குகளில் இதுவே வினையாகிறது. ஓர் எடுத்துக்காட்டு: மாதிரி விலை 5 சதம் மட்டுமே உயர்ந்து 20.40 ரூபாவான ஒரு நாளில், ஒரே பெருங்கொள்வனவாக 500,000 பங்குகள் கைமாறினால், அன்றைய தொகை 10,200,000 ரூபா. மற்றைய 13 நாட்களில் நேர்த்தொகை 1,200,000, எதிர்த்தொகை 1,500,000 என்றால், சுட்டெண் 88.4 ஆகும். அதே நாள் விலை 5 சதம் குறைந்து, பணப்பாய்வும் ஏறத்தாழ அதே அளவாக இருந்திருந்தால் 9.3 ஆகியிருக்கும். பத்துச் சத வேறுபாடு உச்சத்தை அடிமட்டமாக்கிவிடுகிறது.

அந்த நாள் 14 நாள் வரம்பைவிட்டு வெளியேறும்போதும் ஏமாற்றம் உண்டு. புதிய நாளில் விலை உயர்ந்து 200,000 ரூபா நேர்ப்பக்கத்தில் சேர்ந்தாலும், சுட்டெண் 88.4இலிருந்து 48.3க்கு விழும். தொடக்கத்தில் இத்தகைய வீழ்ச்சியைப் பார்த்து, யாரோ விற்று வெளியேறுகிறார்கள் என்று எண்ணி நானும் விற்றிருக்கிறேன். பங்கு அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆர்.எஸ்.ஐ-க்கு வைல்டர் பயன்படுத்திய சராசரியில் பழைய நாள் மெல்ல மங்குகிறது, இங்கே ஒரேயடியாக விழுந்துவிடுகிறது.

இப்போது என் தாளில் இன்னொரு நிரல் வைத்திருக்கிறேன்: 14 நாட்களின் மொத்தப் பணப்பாய்வில் மிகப் பெரிய நாளின் பங்கு எவ்வளவு என்பது. அது பாதியைத் தாண்டினால் சுட்டெண்ணை அன்று வாசிப்பதில்லை. நாள்தோறும் சீராகக் கைமாறும் பெரிய வங்கிப் பங்குகளில் அந்த நிரல் அரிதாகவே குறுக்கிடுகிறது.