23 சதவீதம் காட்டிக்கொண்டே நின்றுபோன வண்டி: எலெக்ட்ரிக் லோடு ஆட்டோவோடு 26 மாதம்

போன மாதம் வண்டியை சர்வீஸில் விட்டு எடுத்தேன். அதே வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். தண்ணீர் கேன் போடத் தொடங்குகிறாராம். "லெட் ஆசிட் வாங்கவா, லித்தியம் வாங்கவா? உன் வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டார். நான் அப்போது இருந்த கோபத்தில் சொன்ன பதிலை இப்போது எழுதினால் நியாயமாக இருக்காது. அதனால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வண்டி 51.2 வோல்ட், 200 ஆம்பியர் மணி எல்எஃப்பி பேட்டரி வைத்தது, லித்தியத்தில் அது ஒரு வகை. சுமார் 10 கிலோவாட் மணி. சுமை வரம்பு 500 கிலோ. இருபது லிட்டர் கேன் ஒன்று கேனோடு சேர்த்து இருபது முக்கால் கிலோ வரும். 24 கேன் ஏற்றினால் வரம்பைத் தொட்டுவிடும், அதற்கு மேல் நான் ஏற்றுவதில்லை. நாளுக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர் போல ஓட்டம், இதுவரை 43,000 தாண்டியிருக்கிறது. விளம்பரத்தில் போட்ட ரேஞ்சை விடுங்கள். போகும்போது பாரம், வரும்போது காலி கேன், நிறுத்தி நிறுத்தி ஓட்டம் என்று பார்த்தால் கிலோமீட்டருக்கு 90 வாட் மணி செலவாகிறது. ஒரு முழு சார்ஜுக்கு நூறு, நூற்றைந்து கிலோமீட்டர். என் வேலைக்கு அது தாராளம்.

இதற்கு முன்னால் லெட் ஆசிட் வண்டி வைத்திருந்தேன். பேட்டரி நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 155 கிலோ. இப்போதைய பேட்டரி 95 கிலோ, அதுவும் பழையதைவிட ஒன்றரை மடங்கு மின்சாரம் பிடிக்கிறது. குறைந்த அந்த 60 கிலோ கிட்டத்தட்ட மூன்று கேன் எடை. பழையது ராத்திரி முழுக்க, எட்டு ஒன்பது மணி நேரம் சார்ஜில் கிடக்க வேண்டும். இது 50 ஆம்பியர் சார்ஜரில் நான்கு மணி நேரத்தில் நிறைந்துவிடும். மதியம் சாப்பிடும் ஒரு மணி நேரம் செருகி வைத்தால் நான்கில் ஒரு பங்கு ஏறிவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை இல்லை, டெர்மினலில் பச்சை பூத்துக் கிடப்பதில்லை. பழைய வண்டியின் பேட்டரி செட் ஒன்றரை வருடத்தில் படுத்தது. இது இரண்டு வருடம் கடந்தும் தெம்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் லெட் ஆசிட்டிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. அது பொய் சொல்லாது. சார்ஜ் இறங்க இறங்க வோல்டேஜும் இறங்கும், வண்டிக்கு மூச்சு வாங்கும், ஏற்றத்தில் முனகும். வீட்டுக்குப் போய்விடு என்று அதுவே சொல்லும். எல்எஃப்பி அப்படியில்லை. ஒரு செல்லின் வோல்டேஜ் நிறைந்தபோது 3.65 வரை போகும். ஓடத் தொடங்கியதும் 3.3-க்கு வந்து, கிட்டத்தட்ட காலியாகும் வரை அந்தப் பக்கத்திலேயே நிற்கும். எண்பது சதவீதத்துக்கும் முப்பது சதவீதத்துக்கும் நடுவே வித்தியாசம் சொற்பம். அதனால் வோல்டேஜை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. பேட்டரியை உள்ளிருந்து கண்காணிக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட், போன ஆம்பியரையும் வந்த ஆம்பியரையும் கூட்டிக் கழித்துத்தான் திரையில் சதவீதம் காட்டுகிறது. பெட்ரோல் டேங்கில் மிதவை இல்லாமல், ஊற்றியதையும் எரிந்ததையும் நோட்டில் எழுதிக் கணக்குப் பார்ப்பது மாதிரி. தினமும் அரை சதவீதம் பிசகினாலும் போதும், திருத்த ஆள் இல்லாவிட்டால் அது சேர்ந்துகொண்டே போகும்.

திருத்தம் நடப்பது பெரும்பாலும் முழுச் சார்ஜ் ஆகும்போதுதான். அந்த முழுச் சார்ஜை எட்டு மாதம் நான் கொடுக்கவே இல்லை. போனில் படித்த "லித்தியத்தை எண்பது தொண்ணூறோடு நிறுத்து" என்ற அறிவுரையை வண்டிக்கும் பொருத்திவிட்டேன். சார்ஜர் பிளக்கில் ஒரு டைமர் ஸ்விட்ச் போட்டு, நிறைவதற்கு முன்பே தானாக அணையும்படி வைத்தேன். காலையில் தொண்ணூறு சொச்சம் காட்டும். எனக்கு அதில் பெருமை வேறு.

அறிகுறிகள் வந்துகொண்டுதான் இருந்தன. நாற்பதிலிருந்து முப்பத்திரண்டுக்கு ஒரே தாவலாக இறங்கும். ஒரு நாள் பாரத்தோடு மேம்பாலம் ஏறும்போது வேகத்தைக் குறைத்துவிட்டதாகச் சொல்லும் ஆமைச் சின்னம் எரிந்து, பாலம் இறங்கியதும் அணைந்தது. சென்சார் கோளாறு என்று விட்டுவிட்டேன். அப்புறம் அந்த நாள் வந்தது. பதினெட்டு கேன் வண்டியில், மேம்பாலத்தின் பாதி ஏற்றம், திரையில் 23 சதவீதம். வண்டி சட்டென்று செத்தது. முனகல் இல்லை, எச்சரிக்கை இல்லை. பின்னால் வந்த பேருந்துக்காரர் என்னைத் திட்டியதை எழுத முடியாது. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது, ஒரு முந்நூறு மீட்டர் ஓடி மறுபடியும் நின்றது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஏற்றத்தில் நின்று, ஓய்வு கொடுத்ததும் ஓடினால் மோட்டாரை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். ஏதோ ஒரு செல் மற்றதைவிட முன்னாலேயே காலியாகிக்கொண்டிருக்கலாம். இழுவை கூடும்போது அந்தச் செல்லின் வோல்டேஜ் மட்டும் கீழே போய்விடும், பிஎம்எஸ் மொத்த வண்டியையும் அணைத்துவிடும். ஓய்வில் வோல்டேஜ் மீளும்.

சர்வீஸ் சென்டரில் முதல் ஆள் பேட்டரியே போச்சு என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இரண்டாவதாக வந்த தம்பி லேப்டாப்பை மாட்டி, பதினாறு செல்லின் வோல்டேஜையும் திரையில் கொண்டுவந்தார். பதினைந்து செல் 3.1 பக்கம் வரிசையாக நின்றன. பதினொன்றாம் நம்பர் 2.78. "அண்ணே, செல் கெடலை, பின்தங்கியிருக்கு" என்றார்.

அவர் செய்தது எளிய வேலை. பேட்டரிப் பெட்டியைத் திறந்து அந்த ஒரு செல்லுக்கு மட்டும் தனிச் சார்ஜரில் 10 ஆம்பியர் கொடுத்தார். ஒன்றேகால் மணி நேரத்தில் மற்றவற்றோடு சமமானது. அதாவது அது சுமார் 12 ஆம்பியர் மணி பின்தங்கியிருந்தது. எட்டு மாதத்துக்கு 240 நாள் என்று வகுத்தால் நாளுக்கு 0.05 ஆம்பியர் மணி. ஒரு செல் மற்றதைவிடக் கடுகளவு கூடுதலாகக் கசிகிறது, அவ்வளவுதான். முழுச் சார்ஜின் கடைசிக் கட்டத்தில் பிஎம்எஸ் நிறைந்த செல்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடித்துவிட்டு இதைச் சரிக்கட்டும். என் வண்டியில் அந்த வடிகால் 0.1 ஆம்பியர்தான். ஒரு நாள் கசிவை அரை மணி நேரத்தில் சமன் செய்துவிடும். எட்டு மாதக் கசிவு என்றால் 120 மணி நேரம் வேண்டும். அதனால்தான் பெட்டியைத் திறக்க வேண்டியதாயிற்று. உயர் வோல்டேஜ் இல்லையே என்று நீங்களே திறந்துவிடாதீர்கள். 200 ஆம்பியர் மணி செல்லின் மேல் ஸ்பானர் விழுந்தால் ஸ்பானர் உருகும்.

அப்புறம் சார்ஜில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். திரையில் 99 வந்து நின்றுவிட்டது, ஆனால் சார்ஜர் இன்னும் 50 ஆம்பியரைக் குறையாமல் தள்ளிக்கொண்டிருந்தது. இருபத்தாறு நிமிடம் அப்படியே. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 22 ஆம்பியர் மணி, ஏறக்குறைய 11 சதவீதம். அவ்வளவு தூரம் திரை என்னிடம் அதிகமாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஆக, மேம்பாலத்தில் நான் நம்பிய 23-ல் கணக்குப் பிசகு 11, பின்தங்கிய செல் 6, மிச்சத்தை ஏற்றமும் பதினெட்டு கேனும் தின்றுவிட்டன.

தவறு என்னுடையதா? பாதி. வாரம் ஒரு முறை முழுச் சார்ஜ் செய்யவும் என்று கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. டயர் காற்றழுத்த அட்டவணைக்குக் கீழே, எறும்பு எழுத்தில். விற்றவர் வாயால் சொல்லவில்லை. அதைவிட எரிச்சல், செல் வோல்டேஜ் எல்லாம் பிஎம்எஸ்ஸுக்குத் தெரியும். ஒரு செல் பின்தங்குகிறது என்று ஒரு விளக்கு எரிய வைக்க என்ன கேடு? புளூடூத்தில் பாட்டு போட வசதி வைத்திருக்கிறார்கள். எட்டு மாதமாக முழுச் சார்ஜ் ஆகவில்லை என்று சொல்ல ஒரு வரி வைக்கவில்லை.

இதே பிரச்சினை லித்தியத்தில் இன்னொரு வகையான என்எம்சி பேட்டரி வைத்த வண்டிகளில் குறைவு. அதில் சார்ஜ் இறங்க வோல்டேஜும் ஓரளவு சரிவாக இறங்கும், எனவே திரையின் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அடையாளம் இருக்கிறது. ஒரே எடைக்கு ரேஞ்சும் கூடுதல். ஆனால் வெயிலில் பாரம் இழுத்து, உடனே சார்ஜ் போட்டு, மறுபடி இழுக்கும் என் மாதிரி பிழைப்புக்கு எல்எஃப்பியின் வெப்பம் தாங்கும் குணமும் நீண்ட ஆயுளும்தான் சரி. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

டைமரைக் கழற்றி எறிந்துவிட்டேன். இப்போது சனி இரவு செருகினால் ஞாயிறு காலைதான் எடுக்கிறேன். 100 காட்டிய பிறகும் மூன்று நான்கு மணி நேரமாவது கிடக்கும். ஐந்து வாரமாகிறது. போன வியாழன் வேண்டுமென்றே 14 சதவீதம் வரை ஓட்டிப் பார்த்தேன், அதே மேம்பாலம், இருபது கேன். ஏறியது. ஆனாலும் பாதி ஏற்றம் வரும்போது என் கண் கண்ணாடியில் பின்னால் பேருந்து வருகிறதா என்றுதான் பார்த்தது.

நண்பரிடம் என்ன சொன்னேன் என்றால், லித்தியம்தான், எல்எஃப்பிதான், லெட் ஆசிட் பக்கம் திரும்பியே பார்க்காதே என்று சொன்னேன். எந்தக் கம்பெனி என்று கேட்டார். செல் செல்லாக வோல்டேஜைப் போனில் காட்டும் வண்டி எதுவானாலும் வாங்கு, என்னுடையதை மட்டும் வாங்காதே என்றேன். "ரெண்டு வருஷமா ஒரு நாள்தானே நின்னிருக்கு?" என்றார். ஆமாம், ஒரு நாள்தான். இருந்தாலும் வாங்காதே.