வருகைப் பதிவேட்டுக்கு நாமே கோடிட்ட அட்டவணை: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் குடியிருப்பு வளாகத்தின் வாயிலில், கடையில் வாங்கிய பதிவேட்டைக் கைவிட்டு, நாங்களே வடிவமைத்து அச்சடித்த பதிவேட்டைச் சுமார் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். பழைய பதிவேட்டின் குறை என்னவென்றால், கட்டங்களின் அகலம் எழுதப்போகும் விவரத்தைப் பாராமல் தலைப்பின் நீளத்தைப் பார்த்து அமைந்திருந்தது. ‘சந்திக்க வேண்டியவர்’ என்ற நீண்ட தலைப்பின் கீழ் ‘பி-204’ என்று மட்டும் எழுதுவார்கள். ‘கைபேசி’ என்ற சிறிய தலைப்பின் கீழ் பத்து இலக்கங்கள் நெருக்கியடித்துக் கொண்டு, கடைசி இரண்டும் கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்தில் போய் விழும். பிறகு அந்த எண்ணை அழைக்க முயன்றால், எது எண்ணின் கடைசி இலக்கம், எது வீட்டு எண்ணின் முதல் இலக்கம் என்பது தெரியாது.

ஆகவே ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, 297 மி.மீ. அகலத்தில் தையலுக்கு 25, வெளி ஓரத்துக்கு 10 போக, எஞ்சிய 262 மி.மீ.யைப் பங்கிட்டோம். வரிசை எண்ணுக்கு 10, பெயருக்கு 60, ஊர் அல்லது நிறுவனத்துக்கு 50, கைபேசிக்கு 50, வீட்டு எண்ணுக்கு 26, வந்த நேரத்துக்கு 18, கையொப்பத்துக்கு 30, வெளியேறிய நேரத்துக்கு 18. நின்றபடி எழுதும் கைக்கு ஓர் இலக்கத்துக்கு 5 மி.மீ. தேவைப்படுகிறது என்பதால்தான் கைபேசிக்கு 50. நீண்ட தலைப்புகளை இரண்டு வரிகளாக மடித்துவிட்டோம். தேதிக்குத் தனிக் கட்டம் வைக்கவில்லை. பக்கத்தின் தலையில் ஒரே இடம்தான், நாள் மாறினால் புதிய பக்கம்.

வரியின் உயரம் 10 மி.மீ. சாதாரண நோட்டுப் புத்தகத்தின் 8 மி.மீ. பெயருக்குப் போதும், கையொப்பத்துக்குப் போதாது. மேல் வரிக்காரரின் கையெழுத்து கீழ் வரிக்காரரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேர்டில் அட்டவணை போடுபவர்கள் வரி உயரத்தை ‘At least’ என்று விடாமல் ‘Exactly’ என்று வைத்து, அகலம் தானாக மாறும் அமைப்பையும் நிறுத்திவிட வேண்டும். கோடுகள் அரைப் புள்ளித் தடிமனில் கறுப்பாக இருக்கட்டும். வெளிர் சாம்பல் கோடு திரையில் அழகாகத்தான் இருக்கும். ஜெராக்ஸில் ஆங்காங்கே அறுந்துபோகும்.

முதலில் ஒரு பக்கத்துக்கு 16 வரிகள் வைத்திருந்தோம். சில மாதங்களில் தாள்களைப் புரட்டிப் பார்த்தபோது, எல்லாப் பக்கங்களிலும் கடைசி இரண்டு வரிகளின் எழுத்து மட்டும் கோணலாகவும் மங்கலாகவும் இருந்தது. தைத்த பதிவேடு தடிமனாக இருப்பதால், கீழ் ஓரத்துக்கு வரும்போது மணிக்கட்டுக்கு ஊன்ற இடமில்லை. அடுத்த அச்சில் அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டுக் கீழே 32 மி.மீ. வெற்றிடம் விட்டோம். தாள் வீணாகிறது என்று சங்கத்தில் முணுமுணுப்பு எழுந்தாலும், கோணல் எழுத்து அதன்பின் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

வெளியேறிய நேரக் கட்டம் மட்டும் இன்றும் பாதிக்கு மேல் காலியாகவே கிடக்கிறது. வலது ஓரத்தில், கையொப்பத்துக்கு அப்பால் வைத்ததால் காவலர் ஒரே பார்வையில் காலி இடங்களைக் கண்டுபிடித்துத் தாமே நிரப்ப முடிகிறது. ஆனால் போகிறவரை நிறுத்தி எழுதச் சொல்வது காவலரின் வேலைதான், அதற்குக் கோடு போட்டுத் தீர்வு காண முடியவில்லை.